ரெண்டு பேர் ஒரே படத்தைப் பார்த்தால்: கப்பா பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் மருத்துவம், செவிலியம் படிக்கும் முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளுக்குப் புள்ளியியல் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். தீசிஸ் ஒப்படைக்கும் காலம் வந்தால், ஒன்றையே பார்த்த இருவரின் பதில்கள் தற்செயலைத் தாண்டி எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் கப்பா என்ற எண்ணைப் பற்றிய அதே சந்தேகங்கள்தான் வரும். ஆளும் கல்லூரியும் மாறும், கேள்வி மாறாது. அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே எடுத்துக்காட்டு. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. கிராமத்துக் கண் முகாம் இங்கே யாருக்கும் புதிதில்லை. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு முகாமில் சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் படம் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200 படங்கள். பயிற்சி பெற்ற இருவர் தனித்தனியாகப் பார்த்து, ஒவ்வொரு படத்துக்கும் "அனுப்பு" (மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும்) அல்லது "வேண்டாம்" என்று குறிக்கிறார்கள். எண்கள் கணக்கு எளிதாக வருவதற்காக நான் வைத்துக்கொண்டவை.

"சார், 200-ல 180 படத்துக்கு ரெண்டு பேரும் ஒரே பதில்தான் சொல்லியிருக்கோம். 90 சதவீதம். இதுக்கு மேல என்ன கணக்கு வேணும்?"

முதலாமவர் 200 படங்களையும் கவனமாகப் பார்த்து 20-க்கு "அனுப்பு", 180-க்கு "வேண்டாம்" என்று குறித்தார். இரண்டாமவருக்கு அன்று வேலை அதிகம். ஒரு படத்தையும் திறக்காமல் 200-க்கும் "வேண்டாம்" என்று நிரப்பிவிட்டார். இப்போது இருவரும் எத்தனை படங்களில் ஒத்துப்போகிறார்கள்? முதலாமவர் "வேண்டாம்" என்ற 180-லும். அதுவும் 90 சதவீதம்தான்.

படத்தைப் பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் ஒரே மதிப்பெண் தரும் அளவுகோலை வைத்து, நம் இருவரின் பார்வை நம்பகமானது என்று சொல்ல முடியாது. முகாமில் பெரும்பாலோருக்குப் பாதிப்பு இருக்காது. அதனால் "வேண்டாம்" என்ற பதில் தானாகவே நிறைய இடங்களில் பொருந்திவிடும். வெறும் சதவீதம் அந்தப் பொருத்தத்தையும் உங்கள் திறமைக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்கிறது. ஆய்வின் உயிர் அந்த 20 "அனுப்பு" படங்களில்தான் இருக்கிறது. அங்கே என்ன நடந்தது என்பதைச் சதவீதம் மறைத்துவிடுகிறது.

"தற்செயலா ஒத்துப்போறதுங்குறாங்களே, அப்ப நாங்க பூவா தலையா போட்டுக் குறிச்சோம்னு சொல்றீங்களா?"

உங்களைக் குறை சொல்லும் சொல் இல்லை அது. மாசி மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் மழை அரிது. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர், வானத்தையே பார்க்காமல், 30 நாளில் ஏதோ மூன்று நாள் மட்டும் "நாளைக்கு மழை" என்றும் மீதி 27 நாள் "மழை இல்லை" என்றும் சொல்கிறார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. இருவரும் "இல்லை" என்று சொல்லும் வாய்ப்பு 0.9 × 0.9 = 0.81. இருவரும் "மழை" என்று சொல்லும் வாய்ப்பு 0.1 × 0.1 = 0.01. கூட்டினால் 0.82. வானிலை பற்றி ஒன்றுமே தெரியாமல் 82 சதவீதம் ஒத்துப்போய்விட்டார்கள்.

தற்செயல் ஒப்புதல் என்பது இதுதான். ஒவ்வொருவரும் "அனுப்பு", "வேண்டாம்" என்பதை எந்த விகிதத்தில் பயன்படுத்துகிறார் என்பதை அப்படியே வைத்துக்கொள்கிறோம். எந்தப் படத்துக்கு எதைச் சொன்னார் என்ற தொடர்பை மட்டும் அறுத்துவிட்டால் எவ்வளவு ஒப்புதல் மிஞ்சும் என்று கேட்கிறோம். அது ஒரு அடித்தளம். நீங்கள் பூவா தலையா போட்டீர்கள் என்று பொருள் இல்லை.

"கப்பாவைக் கையால போட்டுக் காட்டுங்க, ஃபார்முலாவைப் பார்த்தாப் பயமா இருக்கு."

உண்மையாகவே உட்கார்ந்து படங்களைப் படித்த இருவரின் அட்டவணையை எடுத்துக்கொள்வோம்.

| | இரண்டாமவர்: அனுப்பு | இரண்டாமவர்: வேண்டாம் | மொத்தம் |
|---|---|---|---|
| முதலாமவர்: அனுப்பு | 10 | 10 | 20 |
| முதலாமவர்: வேண்டாம் | 10 | 170 | 180 |
| மொத்தம் | 20 | 180 | 200 |

ஒத்துப்போனது 10 + 170 = 180. தற்செயலாக எத்தனை கிடைத்திருக்கும்? முதலாமவர் பத்தில் ஒரு படத்துக்கு "அனுப்பு" என்கிறார். ஆகவே இரண்டாமவரின் 20 "அனுப்பு" படங்களில் 2 சும்மாவே பொருந்தும். இரண்டாமவரின் 180 "வேண்டாம்" படங்களில் பத்துக்கு ஒன்பது, அதாவது 162 பொருந்தும். ஆக 164 படங்கள் உழைக்காமலே கிடைப்பவை. மீதி 36 படங்களில்தான் நீங்கள் திறமையைக் காட்ட இடம் இருந்தது. நீங்கள் உண்மையில் எட்டியது 180, அதாவது 164-க்கு மேல் 16. கப்பா என்பது 16-ஐ 36-ஆல் வகுத்தால் வருவது: 0.44.

ஃபார்முலா இதையே விகிதமாகச் சொல்கிறது:

```
κ = (Po − Pe) / (1 − Pe) = (0.90 − 0.82) / (1 − 0.82) = 0.44
```

`Po` கண்ணில் கண்ட ஒப்புதல், `Pe` தற்செயலில் எதிர்பார்க்கும் ஒப்புதல். முழுக்க ஒத்துப்போனால் 1, தற்செயல் அளவுக்கே ஒத்துப்போனால் 0, அதற்கும் கீழே போனால் எதிர்மறை எண். படத்தைத் திறக்காமல் நிரப்பினவருக்குப் போட்டுப் பாருங்கள். அவர் வரிசையில் "வேண்டாம்" மட்டும்தான் இருப்பதால் தற்செயலே 180 ஆகிவிடும், எட்டியதும் 180, கப்பா சரியாக 0. ஜேக்கப் கோஹன் 1960-இல் இந்த அளவை வெளியிட்டார்.

"என் ஃபிரெண்டுக்கும் 90 சதவீதம்தான். அவளுக்கு 0.80 வந்துருக்கு, எனக்கு மட்டும் ஏன் 0.44?"

தோழி படங்களை எங்கே எடுத்தார் என்று கேளுங்கள். முகாமில் எடுத்திருக்க மாட்டார். சர்க்கரை நோய்க்காரர்களுக்கான விழித்திரைப் பிரிவில் எடுத்திருப்பார். அங்கே பாதிப்பேருக்குப் பாதிப்பு இருக்கும். அவருடைய அட்டவணை இப்படி இருக்கும்: இருவரும் "அனுப்பு" 90, இருவரும் "வேண்டாம்" 90, கருத்து வேறுபாடு அந்தப் பக்கம் 10, இந்தப் பக்கம் 10. தற்செயல் ஒப்புதல் 100 படங்கள்தான். மீதி 100-ல் 80-ஐ எட்டியிருக்கிறார்கள், ஆகவே 0.80.

உங்கள் இருவருக்கும் வேறுபட்ட படங்கள் 20-தான். ஆனால் அந்த 20 எதன்மேல் விழுகிறது என்று பாருங்கள். தோழியின் ஆய்வில் யாரோ ஒருவராவது "அனுப்பு" என்ற படங்கள் 110, அதில் 90-ல் ஒப்புதல். உங்கள் ஆய்வில் அப்படிப்பட்டவை 30, அதில் ஒப்புதல் 10-ல்தான். ஒருவர் "இந்த அம்மாவை அனுப்பணும்" என்றால் இன்னொருவர் ஆமாம் என்பது பாதித் தடவைதான்.

இதனால்தான் கப்பாவோடு இரண்டு தனி விகிதங்களையும் எழுதச் சொல்கிறேன். "அனுப்பு" மீதான ஒப்புதல்: இருவரும் சொன்ன 10-ஐ இரண்டால் பெருக்கி, இருவரும் சேர்ந்து சொன்ன 40 "அனுப்பு"களால் வகுத்தால் 0.50. "வேண்டாம்" மீதான ஒப்புதல் அதே வழியில் 340-ஐ 360-ஆல் வகுத்தால் 0.94. ஆரோக்கியமான கண்ணை அடையாளம் காண்பதில் நன்றாக ஒத்துப்போகிறீர்கள், நோயைக் காண்பதில் இல்லை என்பதை இந்த இரண்டு எண்களும் மருத்துவருக்குப் புரியும் மொழியில் சொல்லிவிடும்.

"அப்ப பாதிப்பு கம்மியா இருக்குற ஊர்ல கப்பா எப்பவுமே கம்மியாத்தான் வருமா? அது அநியாயம் இல்லையா?"

குறைவாக வருவதற்கான சாய்வு உண்டு. அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே திறமையுள்ள இருவரை முகாமில் உட்கார வைத்தால் ஒரு கப்பா, விழித்திரைப் பிரிவில் உட்கார வைத்தால் வேறொரு கப்பா வரும் என்பது உண்மை. ஆகவே இரண்டு இடத்துக் கப்பாக்களை அருகருகே வைத்து "அவர்கள் எங்களைவிடத் தேர்ந்தவர்கள்" என்று எழுதக் கூடாது. ஆனால் முகாமில் குறையும் கப்பா ஒரு உண்மையையும் சொல்கிறது. பெரும்பாலோர் ஆரோக்கியமாக இருக்கும் கூட்டத்தில், சின்னச் சின்னப் பிழைகளே அந்தச் சில நோயாளிகளைக் கண்டுபிடிப்பதைக் கெடுத்துவிடும்.

படிப்பவர்களின் திறமையைத்தான் சோதிக்க வேண்டும் என்றால், தரவு சேகரிக்கும் முன்பே அதற்கென்று ஒரு படத்தொகுப்பு தயாரியுங்கள். "அனுப்பு" வகைப் படங்களை வேண்டுமென்றே அதிகமாகச் சேர்த்து, அந்த விகிதத்தையும் ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள். அப்போது வரும் கப்பா அந்தக் கலவைக்கானது. முகாமில் அதே எண் வரும் என்று உறுதி சொல்ல முடியாது.

"0.44-ஐ 'மாடரேட்'னு எழுதிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிரலாமா?"

நீங்கள் சொல்லும் அட்டவணை லாண்டிஸ், காக் என்ற இருவர் 1977-இல் கொடுத்தது. 0.41 முதல் 0.60 வரை "மாடரேட்", 0.61 முதல் 0.80 வரை "சப்ஸ்டான்ஷியல்" என்று போகும். இந்தப் பிரிவுகள் தன்னிச்சையானவை என்று அவர்களே அந்தக் கட்டுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வைவாவில் கேட்டால் சொல்லத் தெரிந்து வைத்திருங்கள், முடிவுக்கு அதை நம்ப வேண்டாம். "அனுப்பு" மீதான ஒப்புதல் பாதிதான் என்ற ஒரு வரி, "மாடரேட்" என்ற சொல்லைவிட எவ்வளவோ மேல்.

"பி மதிப்பு 0.001-க்குக் கீழ வந்துருக்கு சார். அப்ப எங்க ஒப்புதல் ரொம்பச் சிறப்புதானே?"

அந்த பி மதிப்பு கேட்கும் கேள்வியே வேறு: கப்பா பூச்சியமா, இல்லையா என்பதுதான். படத்தைத் திறந்து பார்த்த இருவருக்குப் பெரும்பாலும் கப்பா பூச்சியத்துக்கு மேல்தான் வரும். அதை நிரூபித்து ஒரு பயனும் இல்லை. படங்கள் போதுமான அளவு இருந்தால் 0.20-க்குக்கூட அழகான பி மதிப்பு கிடைத்துவிடும்.

எழுத வேண்டியது நம்பக இடைவெளி, அதாவது உண்மையான கப்பா எங்கிருந்து எதுவரை இருக்கக்கூடும் என்பது. நம் 0.44-க்கு 95 சதவீத இடைவெளி ஏறத்தாழ 0.24 முதல் 0.65 வரை. 200 படங்கள் பார்த்தும் இவ்வளவு அகலம். இதே விகிதங்களோடு 50 படங்கள் மட்டும் பார்த்திருந்தால் அகலம் இரட்டிப்பாகி 0.04-இலிருந்து 0.85 வரை நீளும். எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்ற நிலை. "பைலட்டுக்கு 30 படம் பார்த்தோம், கப்பா 0.7" என்று கொண்டுவருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த இடைவெளியைத்தான்.

"எங்க ரெண்டாவது ஆளு எதைப் பார்த்தாலும் அனுப்புங்குறாங்க. அது கப்பால தெரியுமா?"

நேராகத் தெரியாது. அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். முதலாமவர் 20 பேரை அனுப்பச் சொன்னார். இரண்டாமவர் அந்த 20 பேரையும் சேர்த்து 40 பேரை அனுப்பச் சொன்னார் என்று வையுங்கள். ஒத்துப்போனது 20 + 160 = 180. மறுபடியும் அதே 90 சதவீதம். தற்செயல் கணக்கு இரண்டாமவரின் 40-ல் 4, 160-ல் 144, ஆக 148. மீதி 52-ல் எட்டியது 32, கப்பா 0.62.

முன்பு 0.44, இப்போது 0.62. ஒப்புதலும் வேறுபாட்டின் எண்ணிக்கையும் மாறவில்லை. மாறியது வேறுபாட்டின் திசை. முன்பு ஆளுக்குப் பத்தாகச் சிதறியிருந்தது, இருவரும் வெவ்வேறு ஆட்களைக் காட்டினார்கள். இப்போது 20-ம் ஒரே பக்கம். இரண்டாமவர் முதலாமவர் காட்டிய யாரையும் விடவில்லை, எல்லைக்கோட்டை மட்டும் கொஞ்சம் கீழே வைத்திருக்கிறார். சரிசெய்ய எளிது இந்த இரண்டாவது வகைதான். எத்தனை ரத்தப் புள்ளி இருந்தால் அனுப்புவது என்று இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். சிதறிய வேறுபாடு என்றால் படத்தின் தரத்தில் தொடங்கி அடிப்படைப் பயிற்சி வரை போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

அதனால் நான்கு கட்ட அட்டவணையை ஆய்வேட்டில் முழுதாக அச்சிடுங்கள். கப்பா மட்டும் இருந்தால் ஆய்வேட்டைப் படிப்பவர் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

"கப்பா கம்மியா இருக்குன்னு கைடு 'பேபாக்' போடச் சொல்றாங்க. போட்டா 0.80 வருது. அதையே எழுதிரலாமா?"

பேபாக் என்பது பாதிப்பின் பரவலையும் படங்களைப் படிப்பவரின் சாய்வையும் சரிக்கட்டிய கப்பா என்று பெயர் பெற்றது. 1993-இல் பர்ட், பிஷப், கார்லின் மூவரும் முன்வைத்தார்கள். இரண்டே பிரிவு இருக்கும்போது அதன் கணக்கு மிகச் சிறியது: ஒப்புதல் விகிதத்தை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கழிக்க வேண்டும். 2 × 0.90 − 1 = 0.80. அதாவது அதற்குள் இருப்பது அதே 90 சதவீதம்தான், வேறு உடை போட்டிருக்கிறது.

இதுவரை பார்த்த எல்லா அட்டவணைக்கும் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு 0.80, தோழிக்கு 0.80, எல்லைக்கோட்டைக் கீழே வைத்தவருக்கு 0.80. முதல் கேள்வியில் ஒரு படத்தைக்கூடத் திறக்காமல் நிரப்பினாரே, அவருக்கும் 0.80. பரவல் குறைந்தால் கப்பா விழும் சிக்கலுக்குத் தீர்வாகச் சொல்லப்படும் குவெட்டின் ஏ.சி.1 அளவையும் போட்டுப் பார்த்தேன். உண்மையாகப் படித்தவருக்கு 0.88, திறக்காதவருக்கு 0.89. பரவல் குறைவாக இருந்தாலும் எண் கீழே விழாது என்பதுதான் இவற்றின் பலம். திறக்காதவரைக்கூட அது காப்பாற்றிவிடுகிறது என்பதுதான் எனக்குக் கவலை.

கைடு சொன்னால் எழுதுங்கள், ஆனால் கப்பாவுக்குப் பதிலாக எழுதாதீர்கள். கப்பா, நான்கு கட்ட அட்டவணை, "அனுப்பு" மீதான ஒப்புதல் மூன்றும் முன்னால் இருக்கட்டும். பேபாக் அவற்றுக்குப் பக்கத்தில் வரட்டும்.

"நாங்க அனுப்பு, வேண்டாம்னு ரெண்டா பிரிக்கலை. அஞ்சு கிரேடு வச்சோம். அப்ப எப்படி?"

பாதிப்பு இல்லை, லேசானது, மிதமானது, கடுமையானது, புது ரத்தக்குழாய் முளைத்த நிலை என்ற ஐந்து படிகள் வரிசையானவை. சாதாரணக் கப்பா அந்த வரிசையைக் கண்டுகொள்ளாது. "லேசு", "மிதம்" என்ற வேறுபாடும், "இல்லை", "புது ரத்தக்குழாய்" என்ற வேறுபாடும் அதற்கு ஒரே தப்பு. கோஹன் 1968-இல் கொண்டுவந்த எடையிட்ட கப்பா பக்கத்துப் படிக்கு ஓரளவு மதிப்பெண் கொடுக்கும். நேர்கோட்டு எடையில் ஒரு படி தள்ளினால் 0.75, இரண்டு படி என்றால் 0.50. இருபடி எடையில் ஒரு படிக்கு 0.94, இரண்டு படிக்கு 0.75. "பாதிப்பு இல்லை" என்பதையும் "மிதமானது" என்பதையும் குழப்பிக்கொண்டவருக்கு முக்கால் மதிப்பெண் என்பது எனக்கு அதிகம். எந்த எடை என்பதைத் தரவைப் பார்க்கும் முன் முடிவு செய்யுங்கள். இரண்டையும் போட்டுப் பார்த்துப் பெரிய எண்ணை எடுப்பது தவறு.

இன்னொன்று. வழக்கமாக "மிதமானது" முதல்தான் மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள். ஆகவே லேசு, மிதம் இரண்டுக்கும் நடுவே உள்ள ஒரு படிதான் நோயாளி பஸ் ஏறி மதுரைக்கு வருவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. எடையிட்ட கப்பாவுக்கு அது தெரியாது, எல்லாப் பக்கத்துப் படியும் அதற்கு ஒன்றுதான். அதனால் ஐந்து கிரேடு வைத்தவர்களும் அந்த இடத்தில் வெட்டி, அனுப்பு–வேண்டாம் அட்டவணை ஒன்றைக் கூடவே போடுங்கள்.

"மங்கலா விழுந்த படத்தையெல்லாம் எடுத்துட்டோம். அது சரிதானே?"

யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்பதைப் பொறுத்தது. கண்புரை உள்ள வயதானவர்கள் அதிகம் வரும் முகாமில் மங்கல் படம் தவிர்க்க முடியாதது. மொத்தம் 230 படங்கள் எடுத்து, யாராவது ஒருவர் "தெளிவில்லை" என்றதால் 30-ஐ நீக்கி 200 ஆக்கினீர்கள் என்று வையுங்கள். அந்த 30-ல் இருவரும் தெளிவில்லை என்றது 12, ஒருவர் மட்டும் சொன்னது 18 என்றால், அந்த 18-ம் கருத்து வேறுபாடுகள். அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தில் 90 சதவீதம் என்கிறீர்கள். சேர்த்துப் பார்த்தால் 230-க்கு 192, அதாவது 83 சதவீதம்.

"தெளிவில்லை" என்பதை மூன்றாவது பிரிவாக வைத்துக் கணக்குப் போடுங்கள். படிப்பவர்கள் இருவரையும் சேராத மூன்றாம் ஆள் முன்கூட்டியே தரம் பார்த்து நீக்கியிருந்தால் மட்டும் விட்டுவிடலாம். அதையும் எழுத வேண்டும்.

"100 பேர், ஆளுக்கு ரெண்டு கண்ணு, அதான் 200 படம். இதுல என்ன தப்பு?"

கப்பா எண்ணில் பெரிய தவறு வராது, இடைவெளியில் வரும். ஒரே ஆளின் வலது கண்ணும் இடது கண்ணும் அண்ணன் தம்பி மாதிரி. சர்க்கரை இரண்டையும் சேர்த்தே பாதிக்கும், வலதில் தயங்கியவர் இடதிலும் தயங்குவார். மென்பொருள் அவற்றை 200 தனித்தனித் தகவல்களாக எண்ணி இடைவெளியைச் சுருக்கிக் காட்டும். எளிய வழி, ஆளுக்கு ஒரு கண்ணைக் குலுக்கல் முறையில் எடுத்துக்கொள்வது. இரண்டும் வேண்டுமென்றால், தரவிலிருந்தே திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்து இடைவெளி காணும் பூட்ஸ்டிராப் செய்யும்போது படங்களைப் பொறுக்காமல் ஆட்களைப் பொறுக்க வேண்டும்.

"எனக்கு 0.97 வந்துருக்கு. சந்தோஷம்தானே சார்?"

இதைக் கேட்டால் எனக்குச் சந்தோஷத்துக்கு முன் சந்தேகம்தான் வரும். ஒருமுறை ஒரு மாணவி இப்படி ஒரு எண்ணைக் கொண்டுவந்தார். எப்படிக் குறித்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனதில், இருவரும் ஒரே எக்செல் தாளில் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் குறித்திருக்கிறார்கள். இரண்டாமவர் குறிக்கும்போது முதலாமவரின் பதில் கண்ணெதிரே இருந்திருக்கிறது. ஏமாற்ற வேண்டும் என்று இருவருமே நினைக்கவில்லை. சந்தேகம் வந்த இடத்தில் கண் தானாகப் பக்கத்துக் கட்டத்துக்குப் போயிருக்கிறது. தனித்தனித் தாளில், படங்களின் வரிசையைக் கலைத்து மறுபடி செய்தபோது எண் நன்றாகவே இறங்கியது. அதை எழுதித்தான் அவர் ஒப்படைத்தார், எனக்கு அதில் மகிழ்ச்சி.

இருவரும் பேசி முடிவெடுத்த பிறகு போடும் கப்பாவும் இதே வகைதான். பேசுவதில் தவறில்லை, இறுதி முடிவுக்கு அது தேவை. ஆனால் கப்பா, பேசுவதற்கு முன் குறித்ததற்கு மட்டும்.

இன்னொன்றும் உண்டு: நேர்மையாக வந்த உயர்ந்த கப்பாகூட இருவரும் சரி என்று சொல்லாது. ஒரே ஆசிரியரிடம் ஒரே தவறைக் கற்ற இருவர் அழகாக ஒத்துப்போவார்கள். சரியா என்று அறிய விழித்திரை நிபுணரின் நேரடிப் பரிசோதனையோடு ஒப்பிட்டு நோயுள்ளவரைக் கண்டுபிடிக்கும் உணர்திறன், நோயில்லாதவரைச் சரியாக விலக்கும் குறிதிறன் இரண்டையும் பார்க்க வேண்டும். கப்பா அந்த வேலையைச் செய்யாது.

"ஆர்-ல `kappa()`னு போட்டா ஏதோ 1-க்கு மேல எண் வருது. ஏன்?"

ஆர் மென்பொருளில் அந்தப் பெயரில் இருக்கும் கட்டளை வேறு ஆள். அது மேட்ரிக்ஸ் எனப்படும் எண் அணியின் ஒரு பண்பைக் கணக்கிடுகிறது, ஒப்புதலோடு அதற்குத் தொடர்பில்லை. பிழைச் செய்தியும் காட்டாது. கோஹன் கப்பா ஒருபோதும் 1-ஐத் தாண்டாது, அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். நம் அட்டவணைக்கு, `psych` தொகுப்பை நிறுவிய பிறகு:

```r
t1 <- matrix(c(10, 10, 10, 170), nrow = 2)
psych::cohen.kappa(t1)
```

இதில் இடைவெளியும் சேர்ந்தே வரும். எஸ்.பி.எஸ்.எஸ். வைத்திருப்பவர்களுக்கு `Crosstabs` பக்கத்தில் `Statistics` பொத்தானுக்குள் `Kappa` இருக்கிறது. ஒருவர் ஏதாவது ஒரு பிரிவைப் பயன்படுத்தவே இல்லையென்றால் அட்டவணை சதுரமாக இருக்காது, அப்போது எஸ்.பி.எஸ்.எஸ். கப்பா தராது. அப்படி நின்றால் முதலில் அந்த ஆள் படங்களைத் திறந்தாரா என்று விசாரியுங்கள்.

"ஒத்துப்போகாத 20 படத்தையும் உட்கார்ந்து பேசிட்டோம். இப்ப அதே 200-ஐ மறுபடி படிச்சுக் கப்பா போடலாமா?"

பேசியது மிக நல்ல காரியம். அந்த 20 படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் பிடிபடும்: தூசியை ரத்தப் புள்ளியாக எடுத்தது, ஓரத்தில் இருந்த கசிவைக் கவனிக்காதது, எல்லைக்கோடு எங்கே என்று முன்பே எழுதிவைக்காதது. காரணத்தை எழுதி, விதிமுறையைத் திருத்துங்கள்.

ஆனால் அதே 200 வேண்டாம். எந்தப் படத்தில் சண்டை வந்தது என்பது இருவருக்கும் ஞாபகம் இருக்கும். இப்போது வரும் ஒப்புதல் அந்த ஞாபகத்தின் ஒப்புதல். இருவரும் பார்க்காத படங்களை அடுத்த முகாமிலிருந்து, மேலூரோ திருமங்கலமோ, எடுங்கள். தனித்தனியாகப் படியுங்கள். ஆய்வேட்டில் இரண்டு அட்டவணைகளையும் போடுங்கள், பயிற்சிக்கு முன், பயிற்சிக்குப் பின் என்று. இரண்டு முகாமிலும் எத்தனை பேர் "அனுப்பு" என்பதையும் அருகில் எழுதுங்கள். அந்த விகிதம் மாறியிருந்தால் கப்பா ஏறியதில் எவ்வளவு பயிற்சியால், எவ்வளவு ஊரால் என்று பிரிக்க முடியாது.